கல்லீரலில் மட்டும் மரபணு நீக்கிய சுண்டெலி: முதல் முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நகர நிறுவனங்களில் இதற்கென்று தனிப் பிரிவும் ஆட்களும் இருப்பார்கள். இங்கே படிவம் நிரப்புவதிலிருந்து வால்நுனி வெட்டுவது வரை பெரும்பாலும் நீங்கள்தான். எங்கள் ஆய்வகத்தில் இந்த வேலையில் நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி, யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு சுண்டெலியைக் கொள்வோம்: கல்லீரலில் மட்டும் இன்சுலின் ஏற்பி மரபணு இல்லாதது. உடல் முழுவதும் இந்த மரபணுவை நீக்கினால் குட்டிகள் பிறந்த சில நாட்களில் இறந்துவிடுகின்றன. அதனால்தான் ஒரு திசுவில் மட்டும் நீக்க வேண்டியிருக்கிறது.

1. எந்த இரண்டு வரிசைகள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வகைச் சுண்டெலிகள் தேவை. முதலாவதில், நீக்க வேண்டிய எக்ஸானின் இருபுறமும் லாக்ஸ்பி என்ற 34 எழுத்துத் தொடர் செருகப்பட்டிருக்கும். இதை ஃபிளாக்ஸ் சுண்டெலி என்பார்கள். இரண்டாவதில், கிரீ என்ற நொதியைக் கல்லீரல் செல்களில் மட்டும் உருவாக்கும் மரபணு இருக்கும். அல்புமின் மரபணுவின் ஊக்கிப் பகுதி அதை இயக்குகிறது. இரண்டும் ஒரே குட்டியில் சேர்ந்தால், கல்லீரல் செல்லில் கிரீ இரண்டு லாக்ஸ்பிகளையும் பிடித்து, நடுவில் இருப்பதை வெட்டி வெளியேற்றி, முனைகளை ஒட்டிவிடும். மற்றத் திசுக்களில் கிரீ உருவாவதில்லை. அங்கே மரபணு அப்படியே வேலை செய்யும்.

சுண்டெலி வரிசைகளை விற்கும் அமெரிக்க ஜாக்சன் ஆய்வகத்தின் பட்டியலில் இவற்றைத் தேட வேண்டிய பெயர்களும் எண்களும்:

```
006955  B6.129S4(FVB)-Insr<tm1Khn>/J
003574  B6.Cg-Speer6-ps1<Tg(Alb-cre)21Mgn>/J
```

முதலாவதில் லாக்ஸ்பிகள் நான்காம் எக்ஸானின் இருபுறமும் உள்ளன. இரண்டாவதன் பெயரைக் கவனித்துப் படியுங்கள். கிரீ மரபணு குரோமோசோமில் எந்த இடத்தில் போய் விழுந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. அந்த இடம் 5ஆம் குரோமோசோம். இன்சுலின் ஏற்பி மரபணு இருப்பது 8இல். எனவே இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து குட்டிகளுக்குப் போகும். உங்கள் மரபணுவும் கிரீயும் ஒரே குரோமோசோமில் இருந்தால், கீழே நான் சொல்லும் கால்பங்கு, அரைப்பங்குக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். வேண்டிய குட்டி அரிதாகத்தான் கிடைக்கும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். பார்க்காமல் விட்டால் ஓராண்டு போகும்.

லாக்ஸ்பியின் திசையையும் சரிபாருங்கள். வெளியிலிருந்து வாங்கும் பழைய வரிசைகளில் இது ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கும். வேறு யாரிடமாவது புதிதாக உருவாக்கிய சுண்டெலியை வாங்கினால், இரண்டு லாக்ஸ்பிகளின் எழுத்துத் தொடரையும் கேட்டு வாங்குங்கள்.

```
ATAACTTCGTATA GCATACAT TATACGAAGTTAT
```

இரு ஓரங்களிலும் உள்ள 13 எழுத்துகளில் ஒன்றை எதிர் இழையில் படித்தால் மற்றொன்றாகவே வரும். திசையைத் தீர்மானிப்பது நடுவில் உள்ள எட்டு எழுத்துகள். ஒரே இழையில் படிக்கும்போது இரண்டு இடங்களிலும் `GCATACAT` என்று வந்தால் இரண்டும் ஒரே திசை, எக்ஸான் நீங்கும். ஓரிடத்தில் `ATGTATGC` என்று வந்தால் எதிர்த்திசை. எக்ஸான் நீங்காமல் தலைகீழாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

2. படிவங்களைச் சுண்டெலிக்கு முன்பே தொடங்குங்கள்

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கூண்டுகூட உள்ளே வரக்கூடாது. உங்கள் விலங்குக் கூடம், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் சிசிஎஸ்இஏ குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதன் பழைய பெயர் சிபிசிஎஸ்இஏ. பழைய கோப்புகளில் அப்படித்தான் இருக்கும். சுண்டெலி ஆய்வுகளுக்கு உங்கள் நிறுவனத்தின் குழுவே ஒப்புதல் தரலாம். விண்ணப்பம் படிவம் ‘பி’. வெளியிலிருந்து வரும் நியமன உறுப்பினர் இல்லாமல் கூட்டம் நடக்காது. அவர் வெளியூரில் இருப்பவர் என்றால் தேதி கிடைப்பதே பெரிய பாடு. பல கல்லூரிகளில் கூட்டம் சில மாதங்களுக்கு ஒரு முறைதான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

படிவத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் விலங்குகளின் எண்ணிக்கை. சோதனைக்கு 16 தேவை என்றால் 16 என்று எழுதிவிடுகிறார்கள். கலப்பில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படாத மரபமைப்பு கொண்டவை. அவையும் பிறந்த விலங்குகள்தான்; அவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும், அவற்றை என்ன செய்வீர்கள் என்றும் எழுத வேண்டும். எனவே இனப்பெருக்கத்துக்கு ஒரு விண்ணப்பம், சோதனைக்கு ஒரு விண்ணப்பம் என்று பிரித்துக் கேளுங்கள். எண்ணிக்கைக்கு அடிப்படையான கணக்கை இணையுங்கள். ஐந்தாம் படியில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இவை மரபணு மாற்றிய விலங்குகள். ஆகவே நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடமும் போக வேண்டும். அங்கேயே முடியுமா, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரண்டு குழுக்களுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருப்பது வீண்.

3. எங்கிருந்து வாங்குவது

நேராக வெளிநாட்டிலிருந்து உயிருடன் வரவழைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அது கடைசி வழி. விமானச் செலவு, இறக்குமதி அனுமதி, சென்னையில் விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவின் ஒப்புதல், அனுப்புபவரின் கால்நடை மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நேரம் தின்னும். கல்லீரல் கிரீ சுண்டெலி பரவலாகப் பயன்படுவது. இந்தியாவில் ஐதராபாத், பெங்களூரு, தில்லி ஆய்வகங்களில் ஏற்கெனவே வைத்திருப்பவர்களைத் தேடிக் கேளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் பார்த்தாலே யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேட்டு வாங்கினாலும், மூல நிறுவனத்தின் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து தேவை. நண்பரிடமிருந்து வாங்குகிறோம் என்று அதை விட்டுவிட்டால், கட்டுரை வெளியிடும் நேரத்தில் பிரச்சினை வரும். கூடவே, அனுப்பும் கூடத்தின் கடைசி நோய்ச் சோதனை அறிக்கையையும் வாங்குங்கள். சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸ் இருக்கும் கூடத்திலிருந்து கல்லீரல் ஆய்வுக்கு விலங்கு வாங்குவதில் பொருளே இல்லை.

பின்னணி வரிசையையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கலப்புக்கு உள்ளூரில் ‘பிளாக் சிக்ஸ்’ என்ற பெயரில் கிடைப்பதை வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அது 6ஜே கிளையா, 6என் கிளையா என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். 6ஜே சுண்டெலிகளில் என்என்டி என்ற மரபணு பழுதாகியிருக்கிறது. 6என்னில் அது நன்றாக இருக்கிறது. இந்த மரபணு சர்க்கரையைக் கையாளும் திறனைப் பாதிக்கும். இன்சுலின் ஏற்பி ஆய்வில் இரண்டு கிளைகளையும் கலந்தால், பார்க்கும் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

4. இந்த மண்ணுக்கு ஏற்றபடி காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ மூன்று வாரம். மூன்றாவது வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இணைக்கலாம். ஆக ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 11 வாரம். நமக்குத் தேவை மூன்று தலைமுறை. டிசம்பர் முதல் வாரத்தில் முதல் இணையைப் போட்டால், சோதனைக் குட்டிகள் எட்டு வார வயதை எட்டுவது ஜூலைக் கடைசியில்.

நான் டிசம்பரையே பரிந்துரைப்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறினால் டெல்டா முழுவதும் மின்சாரம் நாட்கணக்கில் இருக்காது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. டீசல் ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் கிடைக்க வேண்டுமே. கோடை வெயிலில் சிக்கல் இருந்தாலும் அது முன்கூட்டித் தெரிந்த சிக்கல். கூடத்தை 22 டிகிரிக்கு இரண்டு மேலே கீழே என்று வைக்க ஏசியும் மாற்று ஏசியும் போதும். அறை வெப்பம் ஏறினால் முதலில் அடிபடுவது இனப்பெருக்கம். கடைசி இணைப்பு மே மாதத்தில் வருவதால், மாற்று ஏசியை ஏப்ரலிலேயே ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, படுக்கைக்குப் போடும் உமி. இங்கே நெல் உமி மலிவு. அரைவை மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சம்பா அறுவடை முடிந்த தையில் இன்னும் மலிவு. ஆனால் திறந்த வெளியில் கிடந்த உமியில் வயல் எலியின் சிறுநீர் பட்டிருக்கும், பூச்சிமருந்து எச்சமும் இருக்கலாம். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், பூச்சிமருந்தை முழுவதும் நீக்காது. அந்த எச்சம் கல்லீரலின் நச்சுநீக்க நொதிகளைத் தூண்டக்கூடியது. வேறு உறுப்பு ஆய்வென்றால் பரவாயில்லை என்று விடலாம். இது கல்லீரல் ஆய்வு. விலை கூடினாலும் மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் துகளை வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள்.

5. மூன்று கலப்புகளும் கணக்கும்

முதல் கலப்பு: இரண்டு பிரதியும் ஃபிளாக்ஸ் ஆன சுண்டெலியை, கிரீ ஒற்றைப் பிரதி உள்ள சுண்டெலியுடன் சேருங்கள். பிறப்பவை எல்லாவற்றிலும் ஒரு ஃபிளாக்ஸ் பிரதி இருக்கும். பாதியில் கிரீயும் இருக்கும். கிரீ உள்ளவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கலப்பு:

```
Insr fl/fl   ×   Insr fl/+ ; Alb-Cre
```

நான்கு வகைக் குட்டிகள் பிறக்கும், ஒவ்வொன்றும் கால் பங்கு. வேண்டியது ஒரு வகைதான்: `fl/fl ; Alb-Cre`. ஓர் ஈற்றில் ஆறு குட்டி இருந்தால் அந்த வகை ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு நான்கில் மூன்றின் ஆறாம் படி, அதாவது ஏறக்குறைய 18 விழுக்காடு. முதல் ஈற்றில் கிடைக்கவில்லை என்று பிரைமரைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டாவது ஈற்றையும் பாருங்கள்.

மூன்றாவது கலப்புதான் சோதனைக் குட்டிகளைத் தருவது: `fl/fl` ஒன்றுடன் `fl/fl ; Alb-Cre` ஒன்று. பிறப்பவற்றில் பாதி கல்லீரலில் மரபணு நீங்கியவை. மீதிப் பாதி அதே ஈற்றின் ஒப்பீட்டுக் குட்டிகள். வீணாவது மிகக் குறைவு. இந்தக் கட்டத்துக்கு வருவதற்காகத்தான் முதல் இரண்டு கலப்புகளும்.

நீங்கிய ஆண் குட்டி எட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாதி நீங்கியவை, அதில் பாதி ஆண். ஆக நான்கில் ஒன்று. சராசரியில் 32 குட்டி போதும். ஆனால் சராசரியை நம்பினால் ஏறக்குறைய பாதி நேரம் எட்டுக்குக் குறைவாகத்தான் வரும். 45 குட்டிக்குத் திட்டமிடுங்கள். ஈற்றுக்கு ஆறு குட்டி பிழைக்கும் என்றால் எட்டு ஈற்று. எல்லாம் ஒரே வயதில் வேண்டும் என்பதால் எட்டுப் பெண் சுண்டெலிகளை ஒரே வாரத்தில் இணைக்க வேண்டும். படிவம் ‘பி’யில் எழுத வேண்டிய கணக்கு இதுதான், இதோடு முதல் இரண்டு கலப்புகளின் குட்டிகளையும் கூட்டுங்கள்.

செலவும் இங்கேதான் ஏறுகிறது. கூண்டுக்கு நாளொன்றுக்கு உங்கள் கூடம் 30 ரூபாய் கேட்கிறது என்று கொண்டால், சராசரி 15 கூண்டு, எட்டு மாதம் என்றால் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். சுண்டெலி வாங்கிய விலையைவிட இது பெரிதாகிவிடும். நிதி விண்ணப்பத்தில் பலர் இதற்கு வரியே ஒதுக்குவதில்லை. வேண்டாத மரபமைப்பை மூன்றாவது வாரத்திலேயே கண்டுபிடித்து ஒதுக்கினால் கூண்டுச் செலவு கணிசமாகக் குறையும். அடுத்த படி அதற்காகத்தான்.

கிரீயை எந்தப் பெற்றோர் வழியாகக் கொண்டுவருவது என்றும் முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். சில கிரீ வரிசைகள் விந்தணு அல்லது முட்டை உருவாகும் செல்களிலும் இயங்கிவிடும். அப்போது மரபணு கல்லீரலில் மட்டும் நீங்காமல் குட்டியின் உடல் முழுவதும் நீங்கிவிடும்.

6. வால்நுனியில் மரபமைப்பைப் படிப்பது

குட்டிக்கு மூன்று வாரமாகும்போது வால்நுனியில் இரண்டு மில்லிமீட்டர், அல்லது அடையாளத்துக்காகக் காதில் துளையிடும்போது கிடைக்கும் துணுக்கு, போதும். விலை கூடிய கிட் தேவையில்லை. 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏவும் கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டர் ஊற்றி, 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, 40 மில்லிமோலார் டிரிஸ் அமிலக் கரைசல் அதே அளவு சேர்த்தால் முடிந்தது. அதில் ஒன்றிரண்டு மைக்ரோலிட்டரை பி.சி.ஆருக்குப் பயன்படுத்தலாம்.

ஃபிளாக்ஸ் பி.சி.ஆரில் பிரைமர்கள் ஒரு லாக்ஸ்பியின் இருபுறமும் அமரும். லாக்ஸ்பியும் அதை ஒட்டிய சில எழுத்துகளும் கூடுதலாக இருப்பதால் ஃபிளாக்ஸ் பட்டை இயல்பான பட்டைக்குச் சற்று மேலே நிற்கும். வேறுபாடு சிறியது, ஒரு விழுக்காட்டு ஜெல்லில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூன்று விழுக்காட்டு ஜெல்லை மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பிரதியும் வேறுபட்ட குட்டியில் சில நேரம் மூன்றாவது பட்டை ஒன்று இரண்டுக்கும் மேலே தெரியும். அது புதிய மரபமைப்பு அல்ல. இரண்டு வகை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் கலப்பு. எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பட்டைக்கு ஒரு விளக்கமும் பெயரும்கூட வைத்து விவாதித்தார்கள்.

கிரீ பி.சி.ஆரில் வேறு பொறி. கிரீ இல்லாத குட்டியில் பட்டை வராது. டி.என்.ஏ. கெட்டுப்போன குட்டியிலும் வராது. இரண்டையும் பிரித்தறிய, எல்லாச் சுண்டெலியிலும் இருக்கும் வேறொரு மரபணுவின் பிரைமரை அதே குழாயில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டை இருந்து கிரீ பட்டை இல்லாவிட்டால்தான் ‘கிரீ இல்லை’ என்று எழுதலாம்.

7. உண்மையில் நீங்கியதா என்று கல்லீரலில் பாருங்கள்

புதியவர்கள் தடுமாறும் பெரிய இடம் இதுதான். வால்நுனி, குட்டி எதைச் சுமக்கிறது என்பதை மட்டும் சொல்லும். கல்லீரலில் வெட்டு நடந்ததா என்பதை அது சொல்லாது. வாலில் ‘ஃபிளாக்ஸ் இரண்டு, கிரீ உண்டு’ என்று பார்த்துவிட்டு நேராகச் சர்க்கரைச் சோதனைக்குப் போகிறார்கள்.

முதலில் சோதனைக்கு வெளியே ஓரிரண்டு குட்டிகளை ஒதுக்குங்கள். ஆறு வாரத்துக்கு முன் பார்க்காதீர்கள். இந்தக் கிரீ பிறப்பிலிருந்து படிப்படியாகத்தான் வேலை செய்கிறது, ஏறக்குறைய ஆறு வாரத்தில்தான் முழுமையடைகிறது. கல்லீரல், சிறுநீரகம், தொடைத் தசை, வால் நான்கிலும் டி.என்.ஏ. எடுங்கள். முதல் லாக்ஸ்பிக்கு முன்னால் ஒரு பிரைமர், இரண்டாவதுக்குப் பின்னால் ஒரு பிரைமர். எக்ஸான் இருக்கும்வரை இரண்டும் தொலைவில் இருப்பதால் குறுகிய நீட்டிப்பு நேரத்தில் பட்டை வராது. எக்ஸான் நீங்கினால் நெருங்கிவந்து பட்டை தரும். ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளைக் கோத்த ரயில் போல.

கல்லீரலில் பட்டை வந்து, மற்ற மூன்றிலும் வராமல் இருக்க வேண்டும். வாலிலும் வந்தால் இனப்பெருக்கச் செல்லில் கசிவு நடந்திருக்கிறது. அந்தக் குட்டியையும் அதன் வழியையும் விலக்குங்கள். இந்தப் பட்டையின் பருமனை வைத்து எத்தனை விழுக்காடு நீங்கியது என்று சொல்லாதீர்கள். சிறிய துண்டு எளிதில் பெருகும். கொஞ்சம் இருந்தாலும் தடித்த பட்டையாகத் தெரியும்.

அளவைத் தெரிந்துகொள்ளப் புரதத்தைப் பாருங்கள். ஏற்பியின் பீட்டா பகுதி வெஸ்டர்ன் பிளாட்டில் 95 கிலோடால்டன் அருகே வரும். கல்லீரலில் அது வெகுவாகக் குறைந்து, தசையில் ஒப்பீட்டுக் குட்டி அளவுக்கே இருக்க வேண்டும். கல்லீரலில் பட்டை முற்றிலும் மறையாவிட்டால் கலங்க வேண்டாம். கல்லீரலில் இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல், குப்ஃபர் செல் என்று அல்புமின் உருவாக்காத செல்களும் கணிசமாக உண்டு. அவற்றில் மரபணு நீங்காது. டி.என்.ஏ. அளவிலும் இதனால்தான் முழு நூறு கிடைக்காது.

ஆர்.என்.ஏ. வழியாகப் பார்ப்பவர்கள் பிரைமரை நான்காம் எக்ஸானுக்குள் வையுங்கள். பின்னால் உள்ள எக்ஸானில் வைத்தால், நான்காவது இல்லாத ஆர்.என்.ஏ.வும் பெருகிவிடும், மரபணு நீங்கவே இல்லை என்று தோன்றும். பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இதனாலேயே நல்ல சுண்டெலி வரிசையைக் கைவிட இருந்தார்கள்.

8. ஒப்பீட்டுக் குட்டிகள்

அதே ஈற்றில் பிறந்த, கிரீ இல்லாத `fl/fl` குட்டிதான் முதன்மை ஒப்பீடு. வெளியில் வாங்கிய சாதாரணச் சுண்டெலி ஒப்பீடாகாது. இதோடு, ஃபிளாக்ஸ் இல்லாமல் கிரீ மட்டும் உள்ள சிறு குழு ஒன்றும் வேண்டும். கிரீயே தனியாகச் செல்லைப் பாதிக்கலாம் என்று மதிப்பாய்வாளர் நிச்சயம் கேட்பார். இந்தக் குழு மேலே சொன்ன மூன்றாவது கலப்பில் பிறக்காது. தனிக் கூண்டுகளில் கிரீ சுண்டெலியைச் சாதாரணச் சுண்டெலியுடன் இணைத்து, அதே வாரத்தில் பிறக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். படிவம் ‘பி’யில் இதையும் முன்பே சேருங்கள். பிறகு சேர்க்க மறு ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு இன்னொரு கூட்டம்.

9. முடிக்கும்போது

ஒவ்வொரு குட்டியின் பிறந்த தேதி, பெற்றோர் எண், மரபமைப்பு, முடிவில் என்ன ஆனது என்பதைப் படிவம் ‘சி’, ‘டி’ பதிவேடுகளில் அன்றன்றே எழுதுங்கள். கூடத்தைச் சோதிக்க அதிகாரிகள் வந்தால் கூண்டுக்கு முன்பே பதிவேட்டைத்தான் கேட்பார்கள். சோதனைச் சுண்டெலிகள் ஒவ்வொன்றின் வாலையும் கல்லீரல் துண்டையும் உறைநிலையில் தனித்தனி எண்ணுடன் வைத்திருங்கள். இரண்டு ஊர்களில் இரண்டு ஃப்ரீசரில் வைக்க முடிந்தால் நல்லது, நவம்பர் வரும். வரிசையை உயிருடன் தொடர்ந்து வளர்ப்பதற்குப் பதிலாக `fl/fl ; Alb-Cre` ஆண்களின் விந்தணுவை உறைய வைத்துத் தரும் நிறுவனத்துக்கு நிதிக்காலம் முடிய மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். அவர்கள் கேட்பது இளம் வயது ஆண்களை. வயதான பிறகு அனுப்பினால் திருப்பிவிடுவார்கள்.